5 ஃபாரட் சூப்பர் கெபாசிட்டர்: கணக்கில் 166 வினாடி, மேசையில் 26 வினாடி

கீற்றொளி

வணக்கம். சென்சார் அளவுகளை எஸ்.டி. கார்டில் எழுதிக்கொண்டே இருக்கும் ஒரு சிறு கருவி செய்கிறேன். கரண்ட் போனதும் அது திறந்திருக்கும் ஃபைலை மூடி, ரேடியோவில் கடைசிச் செய்தியை அனுப்பிவிட்டு நிற்க வேண்டும். அதற்கு 20 வினாடி போதும்.

பேக்கப்புக்கு 2.7 வோல்ட், 10 ஃபாரட் செல் இரண்டைத் தொடராக இணைத்திருக்கிறேன், ஆக மொத்தம் 5 ஃபாரட். 5 வோல்ட் அடாப்டரிலிருந்து ஒரு ஷாட்கி டயோடும் 10 ஓம் ரெசிஸ்டரும் வழியாக சார்ஜ் ஆகிறது. கரண்ட் போனதும் இன்னொரு ஷாட்கி டயோடு வழியாக 3.3 வோல்ட் எல்.டி.ஓ.வுக்கு மின்சாரம் போகிறது. கருவி இழுப்பது சராசரியாக 150 மில்லி ஆம்ப்.

என் கணக்கு இது:

```
t = C × V / I = 5 × 5 / 0.15 = 166 s
```

அடாப்டரைப் பிடுங்கிப் பார்த்தால் 26 வினாடியில் கருவி ரீசெட் ஆகிவிடுகிறது. ஸ்கோப்பில் கெபாசிட்டர் வோல்டேஜ் 4.7-இல் தொடங்கி நேர்கோடாக இறங்கி, 3.9-ஐத் தொடும்போது எல்லாம் முடிகிறது. செல்கள் போலியா? இல்லை, வேறு எங்காவது மின்சாரம் வீணாகிறதா?

மின்கம்பி

முதலில் சூத்திரத்தை மாற்றுங்கள். கெபாசிட்டரில் இருப்பது ஆற்றல், அதனால் ஆற்றலை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 4.7 வோல்ட்டில் 5 ஃபாரட் என்றால் ½CV² = 55 ஜூல். உங்கள் லோடு 3.3 × 0.15 = 0.495 வாட். வகுத்தால் 111 வினாடி வருகிறது. 166 என்பது அதிகம்தான், ஆனால் 26 மிகக் குறைவு. எனக்குச் செல்கள் மேல்தான் சந்தேகம். எழுதியிருக்கும் கெபாசிட்டன்ஸில் கால்வாசி மட்டும் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

உமா_பலகை

செல்களைக் குறை சொல்ல வேண்டாம். கீற்றொளி தந்திருக்கும் ஸ்கோப் தகவலே அவை நல்லவை என்று காட்டுகிறது. 4.7-லிருந்து 3.9 வரை 0.8 வோல்ட் இறக்கம். அதற்கு ஆன நேரம் 26 வினாடி, கரண்ட் 0.15 ஆம்ப்.

```
C = I × t / (V1 - V2) = 0.15 × 26 / 0.8 = 4.9 F
```

5 ஃபாரட் போட்டீர்கள், 4.9 கிடைக்கிறது. செல் சரி.

சூத்திரத்தில் V என்று முழு வோல்டேஜையும் போட்டதில்தான் தவறு. கெபாசிட்டர் பூஜ்யம் வரை இறங்க உங்கள் சர்க்யூட் விடாது. எல்.டி.ஓ. 3.3 தர வேண்டுமானால், இந்த லோடில் அதன் உள்ளீடு சுமார் 3.6 இருக்க வேண்டும். அதற்கு முன்னால் இருக்கும் டயோடு 0.3 எடுத்துக்கொள்கிறது. ஆக 3.9-க்குக் கீழே கெபாசிட்டரில் எவ்வளவு இருந்தாலும் உங்களுக்குப் பயன்படாது. மேல் பக்கமும் முதல் டயோடு 0.3 எடுத்துவிட்டது, அதனால்தான் 5 இல்லை, 4.7. அனுமதிக்கப்பட்ட இறக்கம் 0.8 மட்டுமே:

```
t = C × (V1 - V2) / I = 5 × 0.8 / 0.15 = 26.7 s
```

செல்லின் உள் மின்தடை ஒன்றுக்கு 50 மில்லி ஓம் என்று வைத்தால் இரண்டுக்கும் 0.1 ஓம். 150 மில்லி ஆம்ப்பில் அது 15 மில்லி வோல்ட்டை விழுங்கும், அரை வினாடி குறையும். உங்கள் 26 அப்படியே வந்துவிடுகிறது.

மின்கம்பி, எல்.டி.ஓ. இருக்கும் இடத்தில் ஆற்றல் கணக்கு ஏமாற்றிவிடும். எல்.டி.ஓ. வெளியே 150 மில்லி ஆம்ப் கொடுத்தால் உள்ளேயும் அதே 150-ஐத்தான் இழுக்கும், உள்ளீடு 4.4 ஆக இருந்தாலும் 3.6 ஆக இருந்தாலும். மிச்ச வோல்டேஜ் சூடாகப் போகிறது. கெபாசிட்டரைப் பொறுத்தவரை இது மாறாக் கரண்ட் லோடு. கோடு நேராக இறங்குவதற்குக் காரணமும் அதுதான். அந்த 55 ஜூலில் 38 ஜூல் 3.9 வோல்ட்டுக்குக் கீழேயே தங்கிவிடுகிறது.

பழைய_கடிகாரம்

எதற்கு இவ்வளவு பெரிய செல்கள் என்றே எனக்குப் புரியவில்லை. என் கருவியில் நாணய அளவில் ஒரு 5.5 வோல்ட், 1 ஃபாரட் சூப்பர் கெபாசிட்டர் இருக்கிறது. கரண்ட் இல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் கடிகார சிப்பை ஓட வைத்திருக்கிறது. உங்களுக்கு 20 வினாடிதானே? அதையே போடலாம், இடமும் மிச்சம்.

உமா_பலகை

ஐயா, உங்கள் கடிகார சிப் இழுப்பது ஓரிரு மைக்ரோ ஆம்ப். இவருடையது அதைப்போல லட்சம் மடங்கு. அந்த வட்டச் செல்கள் உங்கள் வேலைக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றின் உள் மின்தடை பெரும்பாலும் பத்து ஓமுக்கு மேல், 30 ஓம் என்பது சாதாரணம்.

30 ஓமில் 150 மில்லி ஆம்ப் ஓடினால் 4.5 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். 4.7-க்கு சார்ஜ் ஆன செல், லோடு பட்ட அந்தக் கணத்திலேயே வெளியே 0.2 காட்டும். 1 ஃபாரட் என்று மேலே எழுதியிருப்பது உண்மைதான், ஆனால் இந்த வேகத்தில் அதை வெளியே எடுக்க வழியில்லை.

உங்கள் கருவியில் ஆயுளைத் தீர்மானிப்பது வேறு விஷயம். மைக்ரோ ஆம்ப் லோடில் உள் மின்தடை ஒரு பொருட்டே இல்லை, செல்லின் சொந்தக் கசிவுதான் பெரிய செலவாளி. கசிவே இல்லை என்றால் 1 ஃபாரட், 3 வோல்ட் இறக்கம், 2 மைக்ரோ ஆம்ப்புக்கு 17 நாள் வர வேண்டும். உங்களுக்கு அவ்வளவு கிடைக்காததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

பழைய_கடிகாரம்

கசிவு என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள் போல இருக்கிறதே. சரி, தொடருங்கள், படிக்கிறேன்.

மின்கம்பி

எல்.டி.ஓ. விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அப்படியானால் வழி தெளிவாக இருக்கிறதே. எல்.டி.ஓ.வை எடுத்துவிட்டு ஒரு பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர் போடுங்கள், வெளி டயோடுக்குப் பதிலாக மாஸ்ஃபெட். கெபாசிட்டர் 2 வோல்ட் வரை இறங்கலாம். 85 சதவீதத் திறன் என்றால் உள்ளே 0.582 வாட் இழுக்கும். தொடக்கத்தில் 4.7 வோல்ட்டில் 0.124 ஆம்ப், முடிவில் 2 வோல்ட்டில் 0.291 ஆம்ப். சராசரி 0.2075. இறக்கம் 2.7 வோல்ட்:

```
t = 5 × 2.7 / 0.2075 = 65 s
```

அதே செல்கள், இரண்டரை மடங்கு நேரம்.

உமா_பலகை

யோசனை நல்லது, ஆனால் அந்த 65 உண்மையைவிடக் குறைவு. இப்போது உங்கள் பழைய ஆற்றல் கணக்கைக் கொண்டுவருவதற்குச் சரியான இடம் இது. கன்வெர்ட்டர் மாறாத் திறனை இழுக்கிறது. வோல்டேஜ் இறங்க இறங்க கரண்ட் ஏறும்.

```
t = C × (V1² - V2²) / (2 × P)
  = 5 × (22.09 - 4) / (2 × 0.582) = 77.7 s
```

உங்கள் முறையில் எங்கே இடறுகிறது என்று பாருங்கள். முதல் கரண்டையும் கடைசிக் கரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தீர்கள். ஆனால் கெபாசிட்டர் அதிக நேரம் இருப்பது மேல் வோல்டேஜில், அங்கே கரண்ட் குறைவு. அந்த 0.291 கடைசியில் கொஞ்ச நேரம்தான். இரண்டுக்கும் சம எடை கொடுத்ததால் நேரம் குறைந்துவிட்டது.

கரண்டுக்குப் பதில் வோல்டேஜின் சராசரியை எடுங்கள். (4.7 + 2) / 2 = 3.35. அந்த வோல்டேஜில் கரண்ட் 0.582 / 3.35 = 0.1737. அதை வைத்து 5 × 2.7-ஐ வகுத்தால் 77.7 வரும். இது தோராயமாகப் பொருந்துவதில்லை, முழுக்கச் சரியான விடை. (V1 - V2) × (V1 + V2) என்பது V1² - V2² தானே. ஆகவே ஒரே ஒரு சூத்திரத்தை நினைவில் வைத்திருப்பவர்கூட, நடு வோல்டேஜில் கரண்டைக் கண்டுபிடித்து மாறாக் கரண்ட் சூத்திரத்தில் போட்டால் போதும்.

ஸ்கோப்பில் வடிவத்தைப் பார்த்தே எந்தக் கணக்கு என்று சொல்லிவிடலாம். நேர்கோடு என்றால் மாறாக் கரண்ட். போகப்போகச் சரிவு செங்குத்தாகிக்கொண்டே வந்தால் மாறாத் திறன். சரிவு தணிந்துகொண்டே போனால் வெறும் ரெசிஸ்டர் போன்ற லோடு.

மாறாத் திறனில் முடிவுப் பகுதி ஆபத்தானது. வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் ஏறுகிறது, கரண்ட் ஏறினால் உள் மின்தடையில் இன்னும் விழுகிறது, அதனால் கரண்ட் மறுபடி ஏறுகிறது. உள் மின்தடை R என்றால் கெபாசிட்டர் வெளியே தரக்கூடிய உச்சத் திறன் V² / (4R). 0.1 ஓமில், 2 வோல்ட்டில் அது 10 வாட், நமக்குக் கவலை இல்லை. ஆனால் ஐயா சொன்ன அந்த 30 ஓம் செல்லில் 4.7 வோல்ட்டிலேயே 0.18 வாட்தான் வரும். கன்வெர்ட்டர் ஒரு நொடிகூட ஓடாது.

செல்வி_நிரல்

நான் ஃபர்ம்வேர் ஆள், அதனால் வேறு பக்கத்திலிருந்து கேட்கிறேன். 3.9 என்ற கீழ் எல்லை எங்கிருந்து வந்தது? எல்.டி.ஓ.வால் 3.3-ஐப் பிடிக்க முடியாமல் போகும் இடம் அது. ஆனால் 3.3-க்குக் கீழே போனால் கருவி ஏன் உடனே சாக வேண்டும்? எஸ்.டி. கார்டு 2.7 வரை வேலை செய்யக் கூடியது. பெரும்பாலான மைக்ரோகன்ட்ரோலர்களும் அப்படியே. பிரவுன்-அவுட் எல்லையை எங்கே வைத்திருக்கிறீர்கள், கீற்றொளி?

கீற்றொளி

இப்போதுதான் பார்த்தேன். மேற்பார்வை சிப் 3.2-க்குச் சற்று மேலேயே ரீசெட் கொடுக்கிறது. அதை 2.9-க்கான சிப்பாக மாற்ற முடியும், அதே கால் அமைப்பில் கிடைக்கிறது. ரேடியோ மாட்யூல் 2.8 வரை போகும் என்று டேட்டாஷீட் சொல்கிறது.

செல்வி_நிரல்

அப்படியானால் கெபாசிட்டர் 3.5 வரை இறங்கலாம். எல்.டி.ஓ.வுக்கும் டயோடுக்கும் சேர்த்து 0.6 ஒதுக்கியே சொல்கிறேன். இறக்கம் 1.2 வோல்ட். 5 × 1.2 / 0.15 = 40 வினாடி. ஒரு சிப் மாற்றத்தில் 26 வினாடி 40 ஆகிறது. கன்வெர்ட்டர், இண்டக்டர், அதன் சத்தம் எதுவும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 3.3 தளர்ந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில் எடுத்த சென்சார் அளவுகளை நம்ப வேண்டாம். ஏ.டி.சி.யின் ஒப்பீட்டு வோல்டேஜ் அந்த 3.3-லிருந்தே வருகிறது என்றால் எண்கள் நகர்ந்துவிடும். கரண்ட் போனது தெரிந்ததும் முதல் வேலையாக அளவெடுப்பதை நிறுத்துங்கள்.

மின்கம்பி

2.9-க்கும் 2.8-க்கும் நடுவில் 0.1 வோல்ட்டுதான் இடைவெளி. ரேடியோ அனுப்பும் கணத்தில் கரண்ட் குதிக்குமே? 150 என்பது சராசரி. அந்தக் குதிப்பில் எல்.டி.ஓ.வின் தேவையும் டயோடின் இழப்பும் ஏறும், 3.5 வரை போவதற்கு முன்பே ரீசெட் ஆகிவிடலாம்.

செல்வி_நிரல்

உண்மை. அதனால் ரேடியோ செய்தியை முதலில் அனுப்பச் சொல்வேன், கெபாசிட்டர் நிறைந்திருக்கும்போது. ஃபைல் மூடுவது அப்புறம். பலர் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துவிடுகிறார்கள்.

மின்கம்பி

எனக்கு அந்த வரிசை பிடிக்கவில்லை. பதிவான தரவுதான் முக்கியம், செய்தி போகாவிட்டால் பரவாயில்லை. ரேடியோ மாட்யூல் நெட்வொர்க் தேடி அலைந்தால் 20 வினாடியும் அதிலேயே கரைந்துவிடும்.

உமா_பலகை

இந்த வாதம் கருவியின் நோக்கத்தைப் பொறுத்தது, கீற்றொளிதான் முடிவெடுக்க வேண்டும். ஃபைலை நடுவே ஒருமுறை ஃப்ளஷ் செய்துவிட்டு ரேடியோவுக்குப் போவது என்ற வழியும் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது வேறு. இதுவரை நாம் புதுச் செல்லுக்குக் கணக்குப் போட்டோம். இந்த வகைச் செல்களில் டேட்டாஷீட் ஆயுள் முடிந்தது என்று சொல்லும் நிலை, கெபாசிட்டன்ஸ் 30 சதவீதம் குறைந்து, உள் மின்தடை இரட்டிப்பான நிலை. அதற்கு மேல் வாங்கும்போதே 20 சதவீதம் குறைவாக இருக்கலாம் என்ற அனுமதியும் உண்டு. மோசமான சேர்க்கையில் 5 × 0.8 × 0.7 = 2.8 ஃபாரட். இதை வைத்து மூன்று வழிகளையும் மறுபடி ஓட்டுங்கள்.

இப்போதிருக்கும் சர்க்யூட்டில் 2.8 × 0.77 / 0.15, சுமார் 14 வினாடி. 0.8-லிருந்து 0.03-ஐ உள் மின்தடை எடுத்துக்கொண்டது. இன்று மேசையில் 26 காட்டித் தேர்ச்சி பெறும் கருவி, சில வருடம் கழித்து ஃபைலைக் கெடுக்கும். செல்வி சொன்ன வழியில் 2.8 × 1.17 / 0.15, சுமார் 22 வினாடி. தேறுகிறது, ஆனால் நூலிழையில். பக்-பூஸ்ட்டில் சுமார் 43 வினாடி.

எவ்வளவு சீக்கிரம் அந்த நிலை வரும் என்பது சூட்டையும் வோல்டேஜையும் பொறுத்தது. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. அதனால் ரெகுலேட்டர் பக்கத்தில் செல்லை வைக்காதீர்கள். செல்லுக்கு 2.35 வோல்ட் மட்டும் விழுவதும் உங்களுக்குச் சாதகமே.

மின்கம்பி

அந்த 2.35 சமமாகப் பிரிந்தால்தான். ஒரு செல் 8 ஃபாரட், இன்னொன்று 12 என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டுமே 20 சதவீத அனுமதிக்குள்தான். தொடரில் சார்ஜ் ஏறும்போது சிறிய செல் அதிக வோல்டேஜைப் பிடித்துக்கொள்ளும்: 4.7 × 12 / 20 = 2.82. அதன் எல்லை 2.7. மொத்தம் 4.7 என்று மீட்டரில் பார்த்து நிம்மதியாக இருந்தால் ஒரு செல் மட்டும் சீக்கிரம் போய்விடும். நடுப்புள்ளியை அளந்து பாருங்கள்.

உமா_பலகை

மிகச் சரியான எச்சரிக்கை. ஒவ்வொரு செல்லுக்கும் குறுக்கே ஒரே மதிப்பில் ஒரு ரெசிஸ்டர் போடுங்கள். சில நூறு ஓம் போட்டால் சில மில்லி ஆம்ப் போகும், 150-க்கு முன்னால் அது ஒன்றுமில்லை. ஆனால் சமப்படுத்த அதற்கு நேரம் பிடிக்கும், சார்ஜ் ஏறும் அந்தச் சில நிமிடத்தில் அது உதவாது. செல்களை அளந்து ஜோடி சேர்ப்பதையும் செய்தால் நல்லது.

கீற்றொளி

நடுப்புள்ளியை அளந்தேன், 2.31-உம் 2.39-உம். தப்பித்தது. ரெசிஸ்டர் சேர்த்துவிடுகிறேன்.

இன்னொரு சந்தேகம். கரண்ட் போய், கருவி நின்று, 30 வினாடியில் திரும்பி வந்து, உடனே மறுபடி போனால்?

செல்வி_நிரல்

அதைத்தான் கேட்க நினைத்தேன். உங்கள் 10 ஓம் ரெசிஸ்டரும் 5 ஃபாரடும் சேர்ந்து 50 வினாடி நேர மாறிலி. கெபாசிட்டர் 3.5-இல் இருந்தால் 4.7-க்கு 1.2 வோல்ட் பாக்கி. 30 வினாடியில் அந்தப் பாக்கி 0.66 ஆகக் குறைந்து, கெபாசிட்டர் சுமார் 4.04-இல் நிற்கும். அப்போது மறுபடி போனால் 5 × 0.54 / 0.15 = 18 வினாடி. உங்களுக்கு வேண்டியது 20. புதுச் செல்லிலேயே தோல்வி.

அதனால் கரண்ட் வந்ததும் ஃபைலைத் திறக்காதீர்கள். கெபாசிட்டர் வோல்டேஜை ஏ.டி.சி.யில் படித்து, போதுமான அளவு ஏறிய பிறகு திறக்கட்டும்:

```
if (v_cap >= V_OK) open_log();
```

V_OK-ஐ முதுமைச் செல்லுக்கு வைக்க வேண்டும். 20 வினாடி × 0.15 / 2.8 = 1.07 வோல்ட் இறக்கம், உள் மின்தடைக்கு 0.03. மொத்தம் 3.5-க்கு மேல் 1.1, ஆக 4.6. அதை எட்ட இப்போதைய செல்லில் இரண்டு நிமிடம் ஆகும்.

மின்கம்பி

4.7 உச்சத்தில் 4.6 எல்லை என்றால் அடாப்டர் 4.9 மட்டும் தந்தாலே கருவி ஒருபோதும் பதிவைத் தொடங்காது. பக்-பூஸ்ட் போட்டால் இந்த நெருக்கடியே இல்லை என்று மறுபடி சொல்கிறேன்.

செல்வி_நிரல்

அந்த நெருக்கடி உண்மைதான். ஆனால் முதல் டயோடை மாஸ்ஃபெட் ஆக்கினாலே உச்சம் 5-ஐ நெருங்கும். அதற்கு முழு கன்வெர்ட்டர் வேண்டியதில்லை.

உமா_பலகை

அப்படிச் செய்தால் செல்லுக்கு 2.5 விழும். 2.7-க்குள்தான், ஆனால் மின்கம்பி சொன்ன சமமின்மைக்கு இடம் குறைகிறது. 8-க்கு 12 என்ற அதே ஜோடியில் சிறிய செல் 3 வோல்ட் பார்க்கும். அப்போது ஜோடி சேர்ப்பது கட்டாயமாகிவிடும்.

எந்த வழி எடுத்தாலும் ஒரு சோதனையை ஃபர்ம்வேரில் சேர்த்துவிடுங்கள். மாதம் ஒருமுறை, அடாப்டர் இருக்கும்போதே, சார்ஜ் பாதையைச் சில வினாடி துண்டித்து, கெபாசிட்டரிலிருந்து கருவியை ஓட்டி, 4.6-லிருந்து 4.4 வரை எத்தனை வினாடி என்று எண்ணட்டும். 5 ஃபாரடுக்கு அது 6.7 வினாடி. 3.7-க்குக் கீழே வந்தால் 2.8 ஃபாரடை நெருங்கிவிட்டது என்று பொருள், செல்லை மாற்றச் சொல்லிச் செய்தி அனுப்பலாம். எண்ணத் தொடங்குவதை லோடு பட்ட கணத்தில் வைக்காதீர்கள், அந்த முதல் குதிப்பு உள் மின்தடையுடையது. அது தனியாக எவ்வளவு என்று குறித்துவைத்தால் இரண்டு முதுமையும் தெரிந்துவிடும்.

இன்னொன்று, செல் வெகுநாள் காலியாகக் கிடந்து இப்போதுதான் சார்ஜ் ஆனது என்றால் முதல் அளவை நம்ப வேண்டாம். 4.7-இல் அரை மணி நேரமாவது நிறுத்திவைத்த பிறகு அளந்தால்தான் எண் நிலையாக இருக்கும்.

கீற்றொளி

இப்போதைக்கு 2.9 மேற்பார்வை சிப்பும் சமப்படுத்தும் ரெசிஸ்டரும் போட்டு, செல்களை 10-லிருந்து 15 ஃபாரடாக மாற்றிப் பார்க்கிறேன். மோசமான நிலையிலும் 7.5 × 0.56 = 4.2 ஃபாரட் நிற்கும், V_OK 4.25-க்கு இறங்கிவிடும், அடாப்டர் சிக்கலும் போய்விடும். சார்ஜ் நேரம் நீளும் என்பது தெரிகிறது. ரேடியோவா ஃபைலா எது முதலில் என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

மின்கம்பி

15 ஃபாரட் செல் உயரமாக இருக்கும், பெட்டி மூடுகிறதா என்று முதலில் பாருங்கள். புது செல்லோடு எடுத்த ஸ்கோப் படத்தையும் இங்கே போடுங்கள், 3.9-க்குக் கீழே கோடு வளைகிறதா என்று பார்க்க வேண்டும். எல்.டி.ஓ. பிடியை விட்ட பிறகும் லோடு 150-ஐயே இழுக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.